பாட்டி மிதப்பதற்கு முன்னால் எழுந்து நிற்கட்டும்

“கோலாலம்பூர்ல நடக்கிற ஒரு சிறுகதை எழுதுறேன். 60 வயசுப் பாட்டி, கொண்டோ நீச்சல் குளத்துல நீச்சல் பழகுறாங்க. தண்ணின்னாலே பயம். மூணாவது நாள் பேத்தி சொல்லாம கையை விட்டுடுறா, பாட்டி மிதந்துடுறாங்க, பயம் போயிடுது. படிச்சவங்க எல்லாம் நம்ப முடியலைங்கிறாங்க. நிஜத்துல இது எப்படி நடக்கும்?”

மூன்று நாள் என்பதை முப்பது நாள் என்று மாற்றினாலும் கதை நம்பும்படி ஆகாது. இடறுவது பேத்தி கையை விடும் அந்த இடம்தான். சைக்கிள் பழக்கும் அப்பா சொல்லாமல் கையை எடுப்பதும், பிள்ளை தெரியாமலே ஓட்டிப் போவதும் நம் எல்லார் மனதிலும் பதிந்த படம். சைக்கிளில் அது நடக்கும். தடுமாறினால் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்பது பிள்ளைக்குத் தெரியும். தண்ணீரில் படுத்திருக்கும் புதியவருக்குக் காலை ஊன்றத் தெரியாது. தரை ஒரு மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் படுத்த நிலையிலிருந்து அந்தத் தரைக்குப் போவது தனியாகப் பழக வேண்டிய ஒரு வித்தை. பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவர்கள் கை கால் அடிக்கக் கற்றுத் தருவதற்கு முன்னால் இதில்தான் நாட்களைச் செலவிடுகிறார்கள். உங்கள் கதையின் திருப்பத்தை நான் பாட்டி மிதக்கும் கணத்தில் வைக்கமாட்டேன். மிதப்பிலிருந்து யார் கையும் இல்லாமல் அவர் எழுந்து நிற்கும் கணத்தில் வைப்பேன்.

முதலில் குளத்தின் ஆழத்தைச் சரியாக எழுதிவிடுங்கள். பல கொண்டோக் குளங்களின் ஓரத்தில் 1.2 மீட்டர் என்று ஓட்டில் பதித்திருப்பார்கள். 165 செ.மீ. உயரமுள்ள பேத்திக்கு அது அக்குளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் தண்ணீர். “நெஞ்சு வரைக்கும்தான் பாட்டி” என்று அவள் சொல்வது அவளைப் பொறுத்தவரை பொய்யில்லை. பாட்டியின் உயரம் 150 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதே தண்ணீர் அவருக்குத் தோளைத் தொடுகிறது. ஒரு சின்ன அலை வந்தால் தாடையில் படும். இரண்டு பேர் ஒரே குளத்தில் நின்றுகொண்டு இரண்டு வேறு ஆழங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் கதைக்கு இந்த ஒரு விஷயமே நிறையத் தரும்.

தோளளவுத் தண்ணீரில் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நம்மைத் தூக்குவதால் பாதத்தில் விழும் எடை குறைந்துகொண்டே போகும். இடுப்பளவில் ஏறத்தாழப் பாதி எடைதான் தரையில் விழும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள பாட்டி தோளளவில் நிற்கும்போது அவர் பாதம் தாங்குவது பத்து கிலோவைச் சுற்றித்தான். கால் தரையில் இருக்கிறது, ஆனால் பிடிப்பு இல்லை. ஓடு வழுக்குவது போலிருக்கும். புதியவர்கள் “கால் நிக்க மாட்டேங்குது” என்று சொல்வதை மனப்பிரமை என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். அது நடக்கிற விஷயம்தான். கூடவே தண்ணீரின் அழுத்தம் மார்புக் கூட்டைச் சுற்றி இறுக்குவதால் மூச்சை இழுக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். பாட்டி அந்த இறுக்கத்தைப் பயம் என்று எடுத்துக்கொள்வார், அல்லது நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். கால்களில் இருந்த இரத்தம் மேலே நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், உடம்பு அதைத் தண்ணீர் கூடிவிட்டதாகக் கணக்கிட்டு வெளியேற்றப் பார்க்கும். அதனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிறுநீர் முட்டும். போய்விட்டுத்தானே வந்தோம் என்ற கூச்சத்தில் பாட்டி அதை யாரிடமும் சொல்லாமல் வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம். அவர் பயந்து ஓடிவிட்டார் என்று பேத்தி நினைக்கட்டும்.

இதனால்தான் விஷயம் தெரிந்த கோச் முதல் வகுப்பை 1.2 மீட்டரில் வைக்கமாட்டார். கொண்டோவில் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான சின்னக் குளம் இருக்குமே, அதில் பாட்டியைத் தரையில் உட்காரவைப்பார். உட்கார்ந்தால் தண்ணீர் நெஞ்சுக்கு வரும், ஆனால் தரையிலேயே உட்கார்ந்திருப்பதால் நழுவும் பயம் இல்லை. மூன்று வயதுக் குழந்தை பக்கத்தில் வாளியோடு விளையாடிக்கொண்டிருக்க, பாட்டி கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

அங்கே அவர் பழகுவது மூச்சு விடுவது. இழுப்பதில்லை, விடுவது. முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னால் புதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். கன்னம் உப்ப மூச்சை இழுத்து அடைத்து, கண்ணை இறுக்கி மூடி, முகத்தை ஒரு விநாடி தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுப்பார்கள். எடுத்தவுடன், அடைத்து வைத்த காற்றை விடவும் வேண்டும், புதுக்காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரு விநாடி போதாது. பாதி விட்டு, பாதி இழுத்து, நாலைந்து தடவையில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். காற்று போதவில்லை என்று அவர்களுக்குத் தோன்றும். நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது. வெளியே போகாமல் சேர்ந்த கரியமிலவாயுதான் ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று உள்ளே இருந்து உதைக்கிறது. ஆழமாக இழுத்து அடக்குவதில் நல்ல பழக்கம் உள்ளவர்களும், பிராணாயாமம் செய்கிறவர்கள் உட்பட, இங்கே மாட்டிக்கொள்வதுண்டு. அடக்கும் திறமை இந்த இடத்தில் உதவாது.

சரியான வரிசை இப்படிப் போகும். முதலில் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, சூடான தேநீரை ஊதுவது போல ஊதுவது. பிறகு உதடு தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து குமிழி விடுவது. பிறகு வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகியபடி மூக்குவரை இறக்குவது. முனகும்வரை மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. கடைசியாகத்தான் கண்ணும் நெற்றியும். உள்ளே மூன்று எண்ணும்வரை விட்டு, வெளியே வந்து வாயால் ஒரு சின்ன இழுப்பு, மறுபடி உள்ளே. நிறுத்தாமல் பத்துத் தடவை செய்தும் மூச்சு வாங்கவில்லை என்றால் இந்தப் பாடம் முடிந்தது. சிலருக்கு இது ஒரே வகுப்பில் வரும், சிலருக்கு நாலு வகுப்பு ஆகும். கோச் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் “தியுப் ஆன்ட்டி, தியுப்” என்பார், ஊதுங்கள் என்று. இந்த ஊரில் பாட்டி குளத்துக்குள் இறங்கிய நிமிடம் எல்லாருக்கும் ஆன்ட்டியாகிவிடுவார், உரையாடல் எழுதும்போது அதை மறக்கவேண்டாம்.

இதில் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தலைக்குக் குளிக்கும்போது செம்பு செம்பாக உச்சியில் ஊற்றிக்கொள்கிறவர்கள், முகத்தில் தண்ணீர் வழியும் நேரம் தங்களை அறியாமலே வாயால் ‘ஃபூ’ என்று ஊதுவார்கள். தண்ணீருக்குள் செய்யவேண்டியதும் அந்த ஊதல்தான். குளத்தில் வராதது குளியலறையில் ஐம்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பாட்டி கண்டுபிடிக்கும் இடம், பேத்தி கையை விடுவதைவிட நல்ல காட்சி. வீட்டில் பேசனில் தண்ணீர் வைத்து அவர் தனியாகப் பழகிப் பார்க்கலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பயம் குறைவதை எழுத உங்களுக்கு அடையாளம் வேண்டும். ‘தைரியம் வந்தது’ என்று எழுதினால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். குளத்தோரம் நிற்கும் கோச் பார்ப்பது கையை. புதியவர் முகத்தை வெளியே எடுத்தவுடன் இரண்டு கையாலும் கண்ணையும் மூக்கையும் வழித்துத் துடைப்பார். ஒவ்வொரு தடவையும் துடைப்பார். துடைக்கிற கை சுவரையோ கோச்சையோ பிடிக்க முடியாது, தண்ணீரை அழுத்தவும் முடியாது. ஒருநாள் அந்தக் கை முகத்துக்குப் போகாது. தண்ணீர் வழிய வழியக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அவர் பேச ஆரம்பிப்பார். அவருக்கே அது தெரியாது. இன்னொன்று தோள். பயத்தில் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும், இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சுவரைப் பிடித்திருக்கும் விரல்களும் சொல்லும்: முதலில் முழுக்கை, பிறகு நாலு விரல், பிறகு சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் விரல்நுனி.

இனி எழுந்து நிற்பதற்கு வருகிறேன். குப்புற மிதக்கும்போது ஒருவரின் இயல்பு, பயம் வந்தவுடன் தலையைத் தூக்குவது. உடம்பு அப்போது ஏற்றப்பலகை மாதிரி நடந்துகொள்ளும். ஒரு முனை மேலே வந்தால் மறுமுனை கீழே போகும். தலை தூக்கியதும் இடுப்பு தாழும், கால் மட்டும் இன்னும் பின்னால் நீண்டு கிடக்கும். பாதம் தரையைத் தேடும், பின்னால் இருக்கிற பாதத்துக்குத் தரை கிடைக்காது. இரண்டு விநாடிதான், ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க அது போதும். உங்கள் கதையில் பேத்தி கையை விட்டதும் உண்மையில் நடந்திருக்கக்கூடியது இதுதான். பாட்டி மிதந்திருக்கமாட்டார் என்று சொல்லவில்லை. ஒருவேளை நாலு விநாடி மிதந்திருப்பார். ஐந்தாவது விநாடியில் கை இல்லை என்று தெரிந்து தலையைத் தூக்கியிருப்பார்.

சரியாகச் செய்தால் வரிசை தலைகீழாக இருக்கும், தலை கடைசி. முகம் தண்ணீரிலேயே இருக்க, முதலில் இரண்டு முழங்காலையும் வயிற்றுப் பக்கம் மடக்கி இழுக்க வேண்டும். அதே நேரம் முன்னால் நீட்டியிருக்கும் கைகளால் தண்ணீரைக் கீழே இடுப்பு நோக்கி அழுத்த வேண்டும். உடம்பு தானாக நிமிரும், பாதம் இடுப்புக்கு நேர் கீழே வந்துவிடும். பாதம் தரையைத் தொட்ட பிறகு தலையை எடுக்கலாம். மல்லாந்து மிதந்தால் முறை வேறு. தாடையை நெஞ்சில் ஒட்டி, முழங்காலை மடக்கி, பின்னாலிருந்து இடுப்புக்கு அடியாக இரண்டு கையாலும் தண்ணீரை முன்னோக்கி வாரிக்கொண்டே, நாற்காலியில் உட்காருவது போல உட்கார வேண்டும். உட்கார்ந்த நிலை வந்ததும் காலைக் கீழே விட்டால் தரை. இங்கே நடக்கும் பிழை, உட்காரும் எண்ணத்தில் இடுப்பை மட்டும் மடக்கித் தலையைப் பின்னால் சாய்த்துவிடுவது. அப்படிச் செய்தால் முகத்தோடு சேர்த்து மொத்தமும் முங்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். மல்லாந்த நிலையில் மூக்கில் ஏறும் தண்ணீர் எரிச்சலாக இருக்கும், அதை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்த வகுப்புக்கு வராமல் போவதுண்டு.

இதைக் குளத்துக்கு வெளியே தரையிலேயே முதலில் பழக்குவார்கள், முதுகைச் சுவரில் சாய்த்து ஒரு காலை மடக்கிப் பார்ப்பது மாதிரி. பிறகு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரும் தண்ணீரில். கோச் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்திருப்பார். பாட்டி முகத்தை வைத்து, காலை மிதக்க விட்டு, உடனே எழுந்து நிற்பார். மிதப்பது இரண்டு விநாடி, எழுவதுதான் பாடம். ஒரு வகுப்பில் பதினைந்து, இருபது தடவை. பிடி படிப்படியாகக் குறையும்: உள்ளங்கை, விரல்கள், ஒற்றை விரல், பிறகு தொடாமல் கீழே வைத்திருக்கும் கை. ஒவ்வொரு படியிலும் கோச் சொல்லிவிட்டுத்தான் விடுவார். “இப்ப ரெண்டு விரல்தான் பிடிக்கிறேன் ஆன்ட்டி.” சொல்லாமல் விட்டு அது நன்றாகவே முடிந்தாலும், அடுத்த தடவை பாட்டி மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். அதற்குப் பிறகு அவர் கவனம் தண்ணீரில் இருக்காது, அந்தக் கை இருக்கிறதா இல்லையா என்பதிலேயே இருக்கும். பேத்தி கையை விடுவதை நீங்கள் கதையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அதை நடுவில் வரும் பிழையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விலையாகப் பாட்டி இரண்டு வாரம் பின்னால் போகட்டும்.

எழுந்து நிற்பது கைவந்துவிட்ட பிறகு மிதப்பது பெரிய விஷயமாக இருப்பதில்லை. நெஞ்சில் காற்று இருக்கும்வரை பெரும்பாலோர் மிதப்பார்கள். அறுபது வயதுப் பெண்ணின் உடம்பில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருப்பது இங்கே அவருக்கு நல்லது, ஒல்லியான பேரனைவிடப் பாட்டி நன்றாக மிதப்பார். கால் மட்டும் தாழும். தூக்கும் விசையின் மையம் காற்று நிறைந்த மார்பில், எடையின் மையம் இடுப்புப் பக்கம், அதனால் கால் கீழே இழுபடும். கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் எடை மேல்பக்கம் நகர்ந்து கால் கொஞ்சம் உயரும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம், கையை உயர்த்தவே முடியாது. உங்கள் பாட்டிக்கு அப்படி இருந்தால் கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கால் தாழ்ந்தபடியே மிதக்கட்டும், அதுவும் மிதப்புதான். மல்லாந்து மிதக்கும்போது காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விடும். கோச்சின் குரல் திடீரென்று தூரத்தில் கேட்கும், தன் மூச்சுச் சத்தம் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். பலர் முதல் தடவை எழுந்துவிடுவது மிதப்பு தவறியதால் இல்லை, இந்தச் சத்தம் மாறியதால்.

நாள் கணக்குக்கு வருவோம். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால், யார் உதவியும் இல்லாமல் மிதந்து எழுவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். பத்து மீட்டர் தூரம் நீந்த இரண்டு மூன்று மாதம். இவை நடைமுறையில் பார்க்கும் அளவுகள், ஆளுக்கு ஆள் நிறைய மாறும், சிறுவயதில் தண்ணீரில் ஏதாவது நடந்திருந்தால் இன்னும் நீளலாம். இவற்றைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பயம் நேர்க்கோட்டில் இறங்காது. பழைய பயம் அழிந்து போவதில்லை என்றும், ‘இங்கே பயமில்லை’ என்ற புதுப் பாடம் அதன் மேல் படிகிறது என்றும், அந்தப் புதுப் பாடம் பழகிய இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்றும் பயம் பற்றிய ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதே குளத்தில் அதே மூலையில், காலை எட்டு மணிக்கு, அதே கோச்சோடு நன்றாக மிதக்கும் பாட்டி, சனிக்கிழமை பிள்ளைகள் குதித்துக் கும்மாளமிடும்போது மறுபடி சுவரைப் பிடித்துக்கொள்வார். தீபாவளிக்கு மூன்று வாரம் விட்டுவிட்டு வந்தால் முதல் பத்து நிமிடம் மறுபடி முகத்தைத் துடைப்பார். ஆனால் இரண்டாவது தடவை பயம் சீக்கிரம் இறங்கிவிடும். கதையில் இந்தத் திரும்பல் ஒன்றாவது இருக்கவேண்டும்.

பாட்டியின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? இன்று 60 என்றால் 1960களின் நடுவில் பிறந்தவர். எழுபதுகளில் தோட்டத்து லயத்தில் வளர்ந்த சிறுமி. ‘ஆத்துப் பக்கம் போகாதே, ஈயக்குட்டைப் பக்கம் போகாதே’ என்ற அதட்டல் அவர் காதில் இருக்கும். ஈயம் தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கி உண்டான அந்தப் பழைய ஈயக்குட்டைகளில் கரையை விட்டு ஓரடி வைத்தால் சட்டென்று ஆழம், அந்த அதட்டலுக்குக் காரணம் இருந்தது. ஏன் இப்போது பழகுகிறார் என்பதற்கும் பதில் கையிலேயே இருக்கிறது. மலேசியாவில் 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலையை விட்ட முதல் மாதம் என்று வையுங்கள், காலை எட்டு மணி காலியாக இருக்கிறது. அந்த நேரம் வேறு விதத்திலும் சரி. கோலாலம்பூரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். இடி கேட்டால் குளத்தை விட்டு ஏறிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கம்.

சின்ன விஷயங்களில்தான் கதை பொய்யாகத் தெரியும் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். சேலையிலோ பருத்திச் சட்டையிலோ பாட்டியை இறக்காதீர்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றும், பெரும்பாலான குளங்களில் விடவும்மாட்டார்கள். முழுக்கையும் முழுக்காலும் மூடும் நீச்சல் உடை இங்கே பல கடைகளில் கிடைக்கும், முஸ்லிம் பெண்களுக்கென்று வந்த அதை நம் பெண்களும் கூச்சமில்லாமல் போடுகிறார்கள். தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் குளியல், பிறகுதான் குளம். தாலியைக் கழற்றச் சொன்னால் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், உடைக்குள் செருகிக்கொண்டால் போதும். பல்செட் தளர்வாக இருந்தால் கழற்றி வைக்கவேண்டும், மூக்கில் தண்ணீர் ஏறி இருமும்போது அது நழுவிவிடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கழற்றியதும் கோச்சின் முகம் மங்கிவிடும், அதனால் கோச் ஓரடி தூரத்தில் நிற்பார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஏணியில் ஏறி வெளியே வந்தவுடன் தலை சுற்றலாம், அதுவரை உடம்பை அழுத்திப் பிடித்திருந்த தண்ணீர் விலகி இரத்தம் காலுக்கு இறங்குகிறது. கடைசிப் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது நல்லது. மூட்டுவலி இருந்தால் தவளை நீச்சலின் கால் உதை வேண்டாம், முழங்காலின் உட்பக்கம் வலிக்கும். மல்லாந்து படுத்துக் காலை மேலும் கீழுமாக அடிப்பதே அவருக்கு ஒத்துவரும். இதெல்லாம் பொதுவாகச் சொல்வது, இருதய நோய் உள்ள பாத்திரம் என்றால் முதலில் மருத்துவரைப் பார்க்கும் காட்சி ஒன்று தேவை. கொண்டோக் குளங்கள் பலவற்றில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. அதனால் பேத்திக்கு நன்றாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் காட்சியை மாற்றிப் பார்த்தால், ஏழாவது வாரம் இப்படி இருக்கலாம். கோச் “இந்தத் தடவை பிடிக்கமாட்டேன், கை கீழே இருக்கும்” என்கிறார். பாட்டி மல்லாந்து படுக்கிறார். காது முங்குகிறது, சத்தம் போகிறது, மேலே பதினெட்டாவது மாடியில் யாரோ துணி காயப்போடுவது தெரிகிறது. கால் மெல்லத் தாழ்கிறது. முன்பு இந்த இடத்தில்தான் அவர் கோச்சைத் தேடுவார். இன்று தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, தண்ணீரை வாரி, உட்கார்ந்து, நிற்கிறார். முகத்தில் தண்ணீர் வழிகிறது. துடைக்காமல், மேலே காயப்போட்ட வேட்டி யார் வீட்டுடையது என்று கேட்கிறார். பேத்தி அன்று குளத்தில் இல்லாமலிருந்தாலும் பரவாயில்லை என்று எனக்குப் படுகிறது.

முடிவில் அவரைப் பினாங்குக்கு அழைத்துப் போய் பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரையில் நீந்தவைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். உப்பு நீர் இன்னும் நன்றாகத் தூக்கும் என்பது சரிதான். ஆனால் அந்தக் கரையோரத் தண்ணீர் கலங்கலானது, நின்றால் பாதம் தெரியாது, அலை உண்டு, ஜெல்லிமீனும் உண்டு. குளத்தில் படிந்த பாடம் அங்கே பாதிதான் கூட வரும். முழங்காலளவில் நின்று, குனிந்து, இரண்டு கையால் அள்ளி முகத்தில் அடித்து ‘ஃபூ’ என்று ஊதினால் அதுவே அந்தப் பாட்டிக்குச் சரியாக இருக்கும்.